பனியன் லாபமா, டிராபேக் லாபமா?

திருப்பூரில் ஏற்றுமதி அலுவலகம் எதிலும் மார்ச் மாதக் கடைசியில் ஒரு வாக்குவாதம் நடக்கும். வங்கிக் கணக்கில் சுங்கத்துறையிலிருந்து ஒரு தொகை வரவாகியிருக்கும். அதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று கணக்காளர் கேட்பார். முதலாளி சொல்லும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "நாங்க கட்டின வரிதானுங்களே சார் திரும்பி வருது? அது எப்படிங்க வருமானமாகும்? செலவுல கழிச்சுருங்க." ஆடிட்டர் உடனே ஒத்துக்கொள்ள மாட்டார்.

முதலாளியின் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஏற்றுமதியாகும் பொருளோடு நம் நாட்டு வரியும் சேர்ந்து ஏற்றுமதியாகக் கூடாது என்பது உலகம் முழுக்க உள்ள வழக்கம். அப்படியானால் வெளிநாட்டுக்காரர் நம் வரியைச் சுமக்க மாட்டார். வங்கதேசத்துக்கோ வியட்நாமுக்கோ ஆர்டரைக் கொடுத்துவிடுவார். அதனால்தான் சுங்கச் சட்டம், 1962-இன் 75ஆம் பிரிவு, ஏற்றுமதிப் பொருளைத் தயாரிக்கப் பயன்பட்ட மூலப்பொருள்களின் மீதான சுங்க வரியைத் திருப்பித் தர வழி செய்கிறது. இதற்குத்தான் டிராபேக் என்று பெயர். ஆடைகளுக்கு இதோடு கூடுதலாக, 2019 மார்ச் 7 முதல் ஆர்ஓஎஸ்சிடிஎல் என்ற திட்டமும் உண்டு. லாரி டீசல் மீதான வாட் வரி, மின்சார வரி, பருத்திக் காட்டில் அடித்த பூச்சிமருந்துக்குக் கட்டிய வரி என்று எந்த வழியிலும் திரும்பி வராமல் விலைக்குள்ளேயே புதைந்து கிடக்கும் மத்திய, மாநில வரிகளை ஈடுகட்டுவது அது. டிராபேக் பணமாக வங்கிக்கு வரும். ஆர்ஓஎஸ்சிடிஎல் பணமாக வராது. சுங்க வரி கட்டப் பயன்படுத்தவோ, வேறொருவருக்கு விற்கவோ கூடிய மின்னணு வரவுச் சீட்டாக வரும். ஸ்கிரிப் என்று ஊரில் சொல்வது அதைத்தான்.

இனி, "நாங்கள் கட்டின வரி" என்ற சொல்லைக் கொஞ்சம் உரசிப் பார்ப்போம். திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்று நூலைக் கோவையிலோ ஈரோட்டிலோ உள்ள மில்லில் வாங்குகிறது. நிட்டிங், சாயம், காம்பாக்டிங், பிரின்டிங் எல்லாம் ஜாப் ஒர்க். இந்த வரிசையில் அந்தக் கம்பெனி தன் கையால் கட்டிய சுங்க வரி பல சமயம் ஒரு ரூபாய்கூட இருக்காது. சாயப்பட்டறைக்காரர் வாங்கிய ரசாயனத்தை எப்போதோ யாரோ இறக்குமதி செய்திருப்பார். அதன் வரி விலையில் கலந்து, படிப்படியாக இறங்கி வந்திருக்கும். இதைத் தனித்தனியாகத் தோண்டி எடுக்க முடியாது என்பதால், நாடு முழுவதுக்கும் ஒரு சராசரி கணக்கிட்டு, எஃப்ஓபி மதிப்பில் இத்தனை சதவீதம், ஒரு பீசுக்கு இத்தனை ரூபாய்க்கு மேல் போகாது என்று மத்திய அரசு அட்டவணை வெளியிடுகிறது. ஆல் இண்டஸ்ட்ரி ரேட் என்பது இதுதான். இறக்குமதி ரசீதைக் காட்டு என்று யாரும் கேட்பதில்லை. ஷிப்பிங் பில்லே விண்ணப்பமாகிவிடும்.

அந்த அட்டவணை தன் செலவுக்குப் போதவில்லை என்று கருதுபவர் பிராண்ட் ரேட் கேட்கலாம். அப்போது கதை வேறு. எந்த மூலப்பொருள், எந்த பில் ஆஃப் என்ட்ரி, எவ்வளவு வரி, எத்தனை பீசில் செலவானது என்று ஒவ்வொன்றாகக் காட்ட வேண்டும். இன்னொரு வழி அட்வான்ஸ் ஆதரைசேஷன். அதில் ஏற்றுமதிக்கான மூலப்பொருளை வரி கட்டாமலே இறக்குமதி செய்துகொள்ளலாம். வரியே கட்டவில்லை, அதனால் திரும்பி வருவதும் இல்லை. வாங்கிய விலை குறைவாக இருப்பதோடு கணக்கு முடிந்தது. இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வருமானமா செலவுக் குறைப்பா என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். திரும்பி வரும் பணத்தை ஒரு குறிப்பிட்ட செலவோடு முடிச்சுப் போட முடிகிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது.

கணக்கில் என்ன வித்தியாசம் என்று ஒரு உதாரணத்தில் பார்க்கலாம். எண்கள் புரிதலுக்காக நான் வைத்துக்கொண்டவை. சதவீதங்கள் நடப்பு அட்டவணையில் இருப்பவை அல்ல. ஒரு கம்பெனி 10,000 டி-ஷர்ட்டுகளை பீஸ் 4 டாலருக்கு அனுப்புகிறது. டாலர் 85 ரூபாய் என்றால் விற்பனை 34,00,000 ரூபாய். நூல் முதல் பேக்கிங் வரை செலவு பீசுக்கு 335 ரூபாய், ஆக 33,50,000. டிராபேக் 2 சதவீதம் என்றால் 68,000. ஆர்ஓஎஸ்சிடிஎல் 5 சதவீதம் என்றால் 1,70,000. இரண்டும் சேர்ந்து 2,38,000. எப்படி எழுதினாலும் கடைசி லாபம் 2,88,000தான். அதில் ஒரு பைசா மாறாது.

மாறுவது அதற்கு மேலே உள்ள வரிகள். ஊக்கத்தொகையைச் செலவில் கழித்தால் செலவு 31,12,000 ஆகி, 34 லட்சம் விற்பனைக்கு ஏறக்குறைய எட்டரை சதவீத லாபம் தெரியும். நல்ல கம்பெனி, செலவைக் கட்டுப்படுத்தத் தெரிந்தவர்கள் என்று வங்கி மேலாளர் நினைப்பார். அதையே தனி வருமானமாகக் காட்டினால் உள்ளபடி தெரியும்: பனியன் விற்றதில் கிடைத்தது 50,000 ரூபாய், பீசுக்கு வெறும் 5 ரூபாய், ஒன்றரை சதவீதத்துக்கும் குறைவு. மீதி 2,38,000 அரசாங்கம் தந்தது. பையர் அடுத்த ஆர்டரில் பீசுக்கு 10 சென்ட் குறைக்கச் சொல்கிறார் என்று வையுங்கள். மொத்தம் 85,000 ரூபாய் போகும். முதல் முறையில் கணக்கு வைத்திருப்பவர், லாபம் இன்னும் ஏறக்குறைய இரண்டு லட்சம் நிற்கிறதே என்று ஒத்துக்கொள்வார். இரண்டாவது முறையில் வைத்திருப்பவருக்கு, பனியன் தொழில் 35,000 ரூபாய் நட்டத்துக்குப் போய், முழுக்க டிராபேக்கில் ஓடப்போகிறது என்பது கண்ணெதிரே நிற்கும். அவரும் ஒருவேளை ஆர்டரை எடுப்பார், தெரிந்தே எடுப்பார். உண்மையில் விலை பேசும்போதே மெர்ச்சன்டைசர் டிராபேக்கைக் கணக்கில் சேர்த்துத்தான் சொல்கிறார். நம் அட்டவணையை நம்மைவிட நன்றாகப் படித்து வைத்திருக்கும் பையர்களும் உண்டு.

டேலியில் இந்த வித்தியாசம் முழுவதும் ஒரே ஒரு தேர்வில் அடங்கியிருக்கிறது. டிராபேக் என்று லெட்ஜர் திறக்கும்போது எந்தக் குரூப்பில் வைக்கிறோம் என்பதுதான் அது. `Direct Expenses` குரூப்பில் வைத்து வரவு எழுதினால் செலவு குறைந்து மொத்த லாபம் வீங்கும். `Direct Incomes` குரூப்பில் வைத்தாலும் மொத்த லாபத்துக்குள்தான் வரும், ஆனால் தனி வரியாகத் தெரியும். `Indirect Incomes` குரூப்பில் வைத்தால் மொத்த லாபத்துக்குக் கீழே, வட்டி வரவோடு உட்கார்ந்திருக்கும். போன வருடம் ஒரு குரூப், புதுக் கணக்காளர் வந்ததும் இந்த வருடம் இன்னொரு குரூப் என்று மாறியிருந்தால், இரண்டு வருட லாப விகிதத்தை ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை. இப்படி மாறியிருப்பதைக் கண்டுபிடிப்பது எளிது. நூல் விலையும் கூலியும் பெரிதாக அசையாமல் மொத்த லாப விகிதம் மட்டும் ஐந்தாறு புள்ளி துள்ளியிருந்தால், முதலில் பார்க்க வேண்டியது இந்த லெட்ஜரைத்தான்.

செலவில் கழிப்பதில் இன்னொரு வம்பு உண்டு. அது சரக்கு மதிப்பில் வருகிறது. மேலே சொன்ன 10,000 பீசில் 6,000 மட்டும் மார்ச் 31-க்குள் கப்பலேறி, 4,000 குடோனில் இருக்கிறது என்று கொள்வோம். கப்பலேறிய பீசுகளுக்கான ஊக்கத்தொகை 1,42,800 ரூபாய். அதை மொத்த உற்பத்திச் செலவில் கழித்துவிட்டு பீஸ் விலை போட்டால் 335 ரூபாய் 320 ரூபாய் 72 பைசாவாக இறங்கிவிடும். குடோனில் உள்ள சரக்கு 13,40,000-க்குப் பதில் 12,82,880 என்று பேலன்ஸ் ஷீட்டில் நிற்கும். போன சரக்கு சம்பாதித்ததில் 57,120 ரூபாயைப் போகாத சரக்கின் மேல் ஏற்றி, இந்த வருட லாபத்தை அவ்வளவு குறைத்துக் காட்டியிருக்கிறோம். வருமான வரி அதிகாரி இதைச் சரக்கு மதிப்பைக் குறைத்த வேலையாகத்தான் பார்ப்பார். வங்கியும் சரக்கை அடமானமாகப் பார்த்துக் கொடுக்கும் வரம்பை அதற்கேற்பக் குறைக்கும். ஏற்றுமதியானால்தான் டிராபேக் உண்டு. குடோனில் இருக்கும் பனியனுக்கு டிராபேக் கிடையாது. இந்த எளிய உண்மையைச் செலவுக் குறைப்பு முறை மறக்கடித்துவிடுகிறது.

கணக்கியல் தரங்கள் என்ன சொல்கின்றன? இங்கேதான் ஆடிட்டர்களே இரண்டு கட்சியாகப் பிரிவார்கள். அரசு மானியங்களுக்கான ஏஎஸ் 12, பெரிய கம்பெனிகளுக்கான இண்ட் ஏஎஸ் 20 ஆகிய இரண்டுமே, வருவாய் சார்ந்த மானியத்தைத் தனி வருமானமாகவும் காட்டலாம், சம்பந்தப்பட்ட செலவில் கழித்தும் காட்டலாம் என்று இரு வழியையும் திறந்து வைத்திருக்கின்றன. சரக்கு மதிப்பீட்டுக்கான ஏஎஸ் 2-இல், தள்ளுபடி, டிராபேக் போன்றவற்றைக் கொள்முதல் விலையில் கழிக்க வேண்டும் என்றே ஒரு வரி இருக்கிறது. செலவில் கழிக்கச் சொல்பவர்களின் பிரம்மாஸ்திரம் அந்த வரிதான்.

அந்த அஸ்திரத்தை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோய்ப் பார்த்துவிட்டார்கள். லிபர்ட்டி இந்தியா என்ற ஜவுளி நிறுவனத்தின் வழக்கு அது; தலையணை உறை, குஷன் உறை போன்றவற்றைத் தயாரித்து ஏற்றுமதி செய்த கூட்டு நிறுவனம். அப்போது வருமான வரிச் சட்டத்தின் 80-ஐபி பிரிவின்கீழ், தொழிற்கூடத்திலிருந்து நேரடியாக விளைந்த லாபத்துக்கு வரிச்சலுகை இருந்தது. டிராபேக்கும் அப்போதைய டிஇபிபி சலுகையும் உற்பத்திச் செலவைக் குறைக்கின்றன, ஆகவே அவை தொழிற்கூட லாபத்தின் பகுதியே என்பது நிறுவனத்தின் வாதம். 2009இல் தீர்ப்பு நிறுவனத்துக்கு எதிராக வந்தது. இந்தப் பணம் பிறப்பது தறியிலோ தையல் மெஷினிலோ அல்ல, அரசின் திட்டத்திலும் சுங்கச் சட்டத்தின் 75ஆம் பிரிவிலும்தான். எனவே கொள்முதல் விலையிலோ உற்பத்திச் செலவிலோ கழிக்காமல் தனி வருமானமாகவே காட்ட வேண்டும் என்றது நீதிமன்றம். சுவாரசியம் என்னவென்றால், ஏஎஸ் 2-இன் அந்த வரியையும் எடுத்துச் சொல்லிவிட்டே இந்த முடிவுக்கு வந்தது. அந்தப் பத்தியைப் படித்துவிட்டு, கழிக்கச் சொல்லும் தரத்திலிருந்து கழிக்கக் கூடாது என்ற முடிவு எப்படி வந்தது என்று தலையைச் சொறிந்த ஆடிட்டர்கள் உண்டு. எனக்கும் அந்த நடை உறுத்தல்தான். முடிவில் எனக்கு உடன்பாடு உண்டு. காரணம் மேலே சொன்ன சராசரி ரேட்.

2016இல் அதே நீதிமன்றம் மேகாலயா ஸ்டீல்ஸ் வழக்கில், போக்குவரத்து, வட்டி, மின்கட்டண மானியங்களை வேறு விதமாகப் பார்த்தது. அவை குறிப்பிட்ட செலவை அப்படியே ஈடுகட்டுகின்றன, ஆகவே தொழிலின் லாபத்தோடு நேரடித் தொடர்புடையவை என்றது. லிபர்ட்டி இந்தியா தீர்ப்பை அது தள்ளவில்லை. ஏற்றுமதி ஊக்கத்தொகை வேறு, செலவை ஈடுகட்டும் மானியம் வேறு என்று கோடு போட்டது. 80-ஐபி சலுகையின் காலம் முடிந்துவிட்டாலும் அந்தக் கோடு இன்றும் உதவுகிறது. வரி கட்ட வேண்டுமா என்பதில் மட்டும் எந்தச் சந்தேகமும் வேண்டாம். 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம், தன் 28ஆம் பிரிவில் டிராபேக்கைப் பெயர் சொல்லியே தொழில் வருமானமாகச் சேர்த்தது. செலவில் கழித்தாலும் வரி குறையாது.

எப்போது எழுதுவது என்பது அடுத்த சிக்கல். சரக்கு மார்ச் 25 அன்று கப்பலேறி, டிராபேக் மே மாதம் வங்கிக்கு வருகிறது. வங்கிக்கு வந்த அன்று எழுதுவது சுலபம். ஆனால் விற்பனை மார்ச்சிலும் அதைச் சார்ந்த டிராபேக் மே மாதத்திலும் என்றால், இரண்டு வருடக் கணக்கும் கோணிப்போகும். கப்பலேறி, ஷிப்பிங் பில் சுங்கத்தில் சரியாக முடிந்து, தொகை கிடைக்கும் என்பது ஏறத்தாழ உறுதியானால் மார்ச்சிலேயே வரவேண்டிய தொகையாக எழுதுவதே முறை. வரிச் சட்டமும் 2018 நிதிச் சட்டத்துக்குப் பிறகு, கிடைப்பது நியாயமான அளவு உறுதியாகும் ஆண்டில் ஏற்றுமதி ஊக்கத்தொகையை வருமானமாகக் கொள்ளச் சொல்கிறது.

"உறுதி" என்ற அந்தச் சொல்லை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்குத் திருப்பூரே சாட்சி. ஆர்ஓஎஸ்சிடிஎல் வந்த பிறகும், எம்இஐஎஸ் என்ற பழைய திட்டத்தில் கிடைக்கும் 4 சதவீதமும் தொடரும் என்று நம்பிப் பலர் மாதாமாதம் அதை வருமானமாக எழுதி, விலையிலும் கழித்துக் கொடுத்துவிட்டார்கள். 2020 ஜனவரியில் மத்திய அரசு, ஆடைகளுக்கு எம்இஐஎஸ் 2019 மார்ச் 7 முதலே கிடையாது என்று பின்தேதியிட்டு நிறுத்தியது. அதற்குப் பதிலாக அதிகபட்சம் 1 சதவீத ஒருமுறை உதவி தந்தது. பத்து மாதக் கணக்கில் இருந்த வருமானம் ஒரே அறிவிப்பில் காணாமல் போனது. அதைத் தனி வரியாக வைத்திருந்தவர்களுக்கு எவ்வளவு போயிற்று என்பது அன்றே தெரிந்தது. செலவில் கரைத்து வைத்திருந்தவர்கள், பீஸ் வாரியாகப் போட்ட காஸ்டிங் ஷீட்டையெல்லாம் மறுபடி தூக்கிப் போட்டுக் கணக்குப் பார்க்க வேண்டியிருந்தது.

சட்டம் மாறாவிட்டாலும் தொகை திரும்பிப் போகலாம். ரிசர்வ் வங்கி விதித்த காலக்கெடுவுக்குள் ஏற்றுமதிப் பணம் வந்து சேராவிட்டால், டிராபேக் விதிகள், 2017-இன்படி கொடுத்த டிராபேக்கை வட்டியோடு திரும்பக் கட்ட வேண்டும். பகுதிப் பணம் மட்டும் வந்தால் வராத பகுதிக்கு ஏற்றபடி. சாயம் மங்கியது, அளவு பிசகியது என்று பையர் பத்து சதவீதம் பிடித்துக்கொண்டால், விற்பனையில் அதை எழுதுபவர்கள் டிராபேக்கில் எழுத மறந்துவிடுவார்கள். வரவேண்டிய டிராபேக் என்ற லெட்ஜரில் ஒன்றரை, இரண்டு வருடப் பழைய பாக்கிகள் கிடந்தால் இதுதான் முதல் சந்தேகம். இரண்டாவது, வங்கிக் கணக்கு எண் பொருந்தாமலோ, ஷிப்பிங் பில் விவரம் கப்பல் நிறுவனத்தின் ஏற்றுமதிப் பட்டியலோடு ஒத்துப்போகாமலோ நின்றுபோன தொகை. அதைத் துரத்தினால் கிடைக்கும். முதல் வகை கிடைக்காது, எழுதித் தள்ள வேண்டியதுதான்.

ஸ்கிரிப்பில் ஒரு தனித் தப்பு நடக்கிறது. 1,70,000 ரூபாய் ஸ்கிரிப்பைச் சந்தையில் விற்றால் கொஞ்சம் கழிவோடுதான் போகும். 3 சதவீதக் கழிவு என்றால் 1,64,900 கைக்கு வரும். 5,100 நட்டத்தைத் தனியாக எழுதினால் போதும். ஆனால் சிலர் விற்காமல், இறக்குமதி செய்த தையல் மெஷினின் சுங்க வரிக்கு அதைப் பயன்படுத்துகிறார்கள். வங்கியிலிருந்து பணம் போகவில்லை என்பதால் கணக்காளர் எதுவும் எழுதுவதில்லை. மெஷின் விலையில் 1,70,000 வரி சேராமல் போகிறது; அதற்கான தேய்மானமும் போகிறது. மறுபக்கம் வரவேண்டிய ஸ்கிரிப் என்ற பாக்கி தீராமல் வருடக்கணக்கில் தொங்குகிறது. ஸ்கிரிப்பும் காசுதான். அதைக் கொண்டு கட்டிய வரி, காசு கொடுத்துக் கட்டிய வரி போலவே மெஷினின் அடக்கவிலையில் சேர வேண்டும்.

என் தீர்ப்பு இது. ஆல் இண்டஸ்ட்ரி ரேட் டிராபேக், ஆர்ஓஎஸ்சிடிஎல் இரண்டும் தனி வருமானம். கம்பெனிச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணைப்படி கணக்கு வைப்பவர்கள், விற்பனைக்கு அடுத்தபடி வரும் "பிற இயக்க வருவாய்" தலைப்பில் காட்டலாம். பட்டியலிடப்பட்ட ஆடை நிறுவனங்கள் பலவும் அப்படித்தான் காட்டுகின்றன. வங்கி வட்டியோடு சேர்த்து அடியில் போடுவதைவிட அது நேர்மையானது, ஏனென்றால் ஏற்றுமதி இல்லாமல் அந்தப் பணம் இல்லை. பிராண்ட் ரேட்டில், குறிப்பிட்ட பில் ஆஃப் என்ட்ரியின் வரி அப்படியே திரும்பி வந்தால், அந்த மூலப்பொருளின் விலையில் கழிப்பதைத் தரங்கள் தடுக்கவில்லை. லிபர்ட்டி இந்தியா தீர்ப்பை முன்னிட்டு அதையும் தனியாகக் காட்டச் சொல்லும் ஆடிட்டரோடு சண்டை போடவும் வேண்டாம். எந்த முறையானாலும் கணக்குக் குறிப்பில் எழுதி வைத்து, வருடா வருடம் அதையே பின்பற்றுங்கள். இந்த வாரம் உங்கள் கணக்காளரிடம் டிராபேக் லெட்ஜர் எந்தக் குரூப்பில் இருக்கிறது என்றும், வரவேண்டிய பாக்கியில் ஒரு வருடத்துக்கு மேற்பட்டது எவ்வளவு என்றும் கேளுங்கள். ஐந்து நிமிட வேலை அது.